கைச்செலவைக் கணக்கிடாமல் ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

பயணத் திட்டமிடும் பணியில் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் போக்குவரத்துக் கட்டணத்தையும் தங்கும் அறையின் வாடகையையும் துல்லியமாகத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். அவை முன்பதிவு செய்யும்போதே கண்ணுக்குத் தெரியும் தொகைகள். உணவு, நுழைவுச்சீட்டு, ஊருக்குள் சுற்றுவது ஆகிய மூன்றுக்கும் ஆகும் தொகையை மட்டும் "கைச்செலவு" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அந்த ஊர் தங்கள் கைக்கு எட்டுமா என்பதைப் பல நேரங்களில் தீர்மானிப்பது அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கும் தொகைதான்.

அண்மையில் நான் திட்டமிட்டுக் கொடுத்த ஒரு குடும்பத்தின் கணக்கையே இங்கே விரித்துச் சொல்கிறேன். கணவன், மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன் என நான்கு பேர், 6 இரவுகள். ஊருக்கு ஊர் பணமும் விலையும் வேறுபடும் என்பதால், செல்லும் ஊரில் எளிய உணவகம் ஒன்றில் ஒருவர் வயிறார உண்ணும் ஒரு வேளைச் சாப்பாட்டை 10 அலகு என்று வைத்து, மற்ற எல்லாச் செலவையும் அந்த அளவில் சொல்கிறேன். நானும் இப்படித்தான் கணக்குப் போடத் தொடங்குவது வழக்கம். ஒரு சாப்பாட்டின் விலை தெரிந்துவிட்டால் ஊரின் விலைவாசி ஓரளவு பிடிபட்டுவிடும்.

அவர்கள் இணையத்தில் பார்த்த சராசரி, அறை வாடகை நீங்கலாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 அலகு. நான்கு பேருக்கு 6 நாளுக்கு 960. பயணக் கட்டணமும் அறையும் சேர்ந்து 3,600 ஆகியிருந்தது. கையில் இருந்த மொத்தத் தொகை 5,000. ஆகவே 440 மிஞ்சும் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

இத்தகைய சராசரியில், தனியாகச் சென்று ஒரே ஊரில் பல வாரங்கள் தங்கி, பாதி நாட்களை எங்கும் போகாமல் கழிப்பவர்களின் செலவும் கலந்திருக்கக்கூடும். ஆறு நாளில் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பத்துக்கு அப்படி ஓய்வு நாள் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. மேலும், 6 இரவு என்பது நாட்காட்டியில் 7 தேதிகள். போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் அரைநாட்கள் என்றாலும் அன்றும் பசிக்கும், அன்றும் வண்டி வேண்டும். எனவே 5 முழு நாள், 2 அரை நாள் என்று பிரித்துக்கொண்டோம்.

முதலில் உணவு. காலை உணவு அறை வாடகையில் அடங்கியிருந்தது. 13 வயது மகளுக்கு முழுச் சாப்பாடு, மகனுக்குப் பாதி என்று வைத்தால் மூன்றரைச் சாப்பாடு. மதியம் எளிய உணவகத்தில் 35, இரவு சற்று வசதியான இடத்தில் ஆளுக்கு 14 வீதம் 49, ஆக 84. உணவுப் பட்டியலில் அச்சிட்டிருந்த விலையில் வரியும் சேவைக் கட்டணமும் சேரவில்லை என்பது, உணவகத்தின் அண்மைக்கால ரசீதுப் படம் ஒன்றைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து 15 விழுக்காடு. 84 என்பது ஏறத்தாழ 97 ஆயிற்று. தண்ணீர், தேநீர், பிள்ளைகளின் நொறுக்குத்தீனி ஆகியவற்றுக்கு 23 சேர்த்து, முழு நாளுக்கு 120, அரை நாளுக்கு 70. மொத்தம் 740.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்றைச் சற்று விளக்க வேண்டும். மதியச் சாப்பாட்டின் விலையை நிர்ணயிப்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் உணவகமன்று. நண்பகலில் நீங்கள் நிற்கும் இடம். பெரிய பூங்காக்கள், கோட்டைகள் போன்ற சில இடங்களில் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அதே சீட்டில் மீண்டும் நுழைய முடியாது. பிள்ளைகள் பசியில் சோர்ந்துவிட்ட நேரத்தில் உள்ளே இருக்கும் ஒரே உணவுக் கடையில், வெளியில் கொடுப்பதைப் போல் இருமடங்கு கொடுத்து வாங்க நேரிடும். அதனால் ஒவ்வொரு நாளும் மதியம் ஒரு மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்று எழுதிவைக்கச் சொல்வேன். மறுநுழைவு உண்டா, வெளி உணவைக் கொண்டுசெல்ல அனுமதி உண்டா என்பவற்றை அந்த இடத்தின் அதிகாரபூர்வத் தளத்திலேயே பார்த்துவிடலாம்.

அடுத்து நுழைவுச்சீட்டு. பார்க்க விரும்பிய பெரிய இடங்கள் இரண்டு, அருங்காட்சியகங்கள் இரண்டு. அங்கே சிறுவர் சலுகை 12 வயதோடு முடிந்துவிட்டதால் மகளுக்கும் பெரியவர் கட்டணம்தான். பெரிய இடத்தில் ஆளுக்கு 20, மகனுக்கு 10, ஆக 70. அருங்காட்சியகத்தில் அதில் பாதி, 35. நான்கு இடங்களுக்கும் 210. மேல்தளம் ஏறத் தனிச்சீட்டு, பை வைக்கும் லாக்கர், வளாகத்துக்குள் ஓடும் சிற்றுந்து என 40 சேர, 250. எல்லா இடங்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ் எடுத்துவிடலாமே என்று அந்தத் தாய் கேட்டார். பாஸ் பெரியவருக்கு 66, சிறுவருக்கு 33, நால்வருக்கும் 231. மூன்றே நாளில் ஆறு இடங்களை ஓடியோடிப் பார்ப்பவர்களுக்கே அது லாபம். நான்கு இடங்கள் பார்ப்பவர்களுக்கு 21 நட்டம். மேல்தளச் சீட்டும் அதில் அடங்கவில்லை.

மூன்றாவது, ஊருக்குள் சுற்றுவது. இதில் சில செலவுகள் தலைக்கு, சில வண்டிக்கு. பேருந்து, ரயிலில் நகரத்துக்குள் நாளுக்கு நான்கு முறை ஏறி இறங்கினால் நால்வருக்கும் 32, இரவு களைத்துத் திரும்பும்போது ஒரு டாக்சிக்கு 18, ஆக 50. மூன்று நகர நாட்களுக்கு 150. வெளியூர் சுற்றுலா இரண்டு நாள். குழுப் பேருந்தில் தலைக்கு 50 வீதம் 200. தனி வாடகைக் காருக்கு 180. தனியாளுக்குப் பேருந்து மலிவு, நால்வருக்குக் கார் மலிவு. ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்திருந்தால் பெரிய வண்டி தேவைப்பட்டு அந்தக் கணக்கே மாறியிருக்கும். கார் 360, வந்து இறங்கும்போதும் கிளம்பும்போதும் 40 வீதம் 80, மொத்தம் 590.

மூன்றையும் கூட்டினால் 1,580. மழை, வழி தவறுதல், அட்டையில் செலுத்தும்போது வங்கி பிடித்துக்கொள்ளும் நாணயமாற்றுக் கட்டணம் ஆகியவற்றுக்கு நான் 15 விழுக்காடு சேர்ப்பேன், ஏறத்தாழ 1,820. சராசரியை நம்பிப் போட்ட 960 எங்கே, இது எங்கே! மொத்தச் செலவு 5,420; அதாவது 440 மிச்சம் என்பது 420 பற்றாக்குறையாக மாறிவிட்டது.

அந்தத் தந்தை சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இந்த ஊரே வேண்டாமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டைச் சுருக்கச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளோடு செல்லும்போது அது இரண்டாம் நாளே கைவிடப்படும் தீர்மானம். ஒரு நகர நாளையும் ஓர் அருங்காட்சியகத்தையும் எடுத்துவிட்டோம். உணவில் 120, போக்குவரத்தில் 50, சீட்டில் 35 என 205 குறைந்தது; 15 விழுக்காட்டோடு 236. ஓர் இரவின் வாடகை 200. மொத்தம் 436 குறைய, செலவு 4,984-க்கு வந்து நின்றது.

புறப்படும் முன் அவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: இரண்டாம் நாள் முடிந்ததும் அன்றைய மொத்த உணவுச் செலவையும் கூட்டி, முழு நாளுக்கு 120 என்ற அளவோடு ஒப்பிட வேண்டும். அன்று 131 ஆகியிருந்தது. கூடுதலான 11-உம் சுற்றுலா இடத்தின் வாசலில் வாங்கிய தண்ணீருக்கும் குளிர்பானத்துக்கும் போனது என்று தெரிந்ததால், மறுநாள் காலை அறைக்கு அருகிலிருந்த மளிகைக் கடையில் பெரிய புட்டிகளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.