மாத்திரையை நிறுத்தச் சொன்னது டாக்டர் இல்லை, ஆட்டோ கேப்ஷன்

போன வாரமும் ஒரு வீடியோ வந்தது. "எல்லாம் முடிஞ்சிருச்சு, கலர் மட்டும் பாத்துக் குடுங்க, நைட்டு போஸ்ட் பண்ணணும்" என்ற அதே வழக்கமான வசனத்தோடு. சர்க்கரை நோய் டாக்டர் ஒருவர் பேசும் சின்ன ரீல். பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தைத் தானாக வெட்டும் ஆட்டோ கட் போட்டிருந்தார்கள், அதன் மேல் பேச்சைத் தானாக எழுத்தாக்கும் ஆட்டோ கேப்ஷன் போட்டிருந்தார்கள். நடுவில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி ஓடியது: "சுகர் குறைஞ்சிருச்சுன்னு மாத்திரையை நீங்களா நிறுத்த வேணும்." டாக்டர் சொன்னது "வேணாம்".

இந்த மாதிரி வருவது இது முதல் தடவை இல்லை என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "சார், இந்த ஆப் 95 சதவீதம் கரெக்ட்டா எழுதும்." எனக்கு எரிச்சல் வருவதே இந்த இடத்தில்தான். 200 வார்த்தை பேசும் ரீலில் 95 சதவீதம் சரி என்றால் பத்து வார்த்தை தப்பு. எந்தப் பத்து? அதுதான் கேள்வி. "அப்புறம்", "அதனால", "நீங்க", "இப்ப" எல்லாவற்றையும் மெஷின் அழகாக எழுதிவிடும், ஏனென்றால் அவை எல்லோரும் எப்போதும் பேசுகிற வார்த்தைகள். தடுக்கி விழுவது பெயர்களில், மருந்துகளில், எண்களில், தமிழுக்கு நடுவே வரும் இங்கிலீஷில், அப்புறம் வாக்கியம் முடிகிற இடத்தில். அதாவது பார்ப்பவர் எதைத் தெரிந்துகொள்ள வந்தாரோ அங்கேயே. அம்பதும் ஒம்பதும் காதுக்கு எவ்வளவு பக்கம் என்று சொல்லித்தான் பாருங்களேன். "அம்பது வயசுக்கு மேல" என்று டாக்டர் சொல்ல, "ஒன்பது வயதுக்கு மேல்" என்று கீழே ஓடும். "அப்புறம்" தப்பாக வந்தாலும் ஒரு தப்பு, "வேணாம்" தப்பாக வந்தாலும் ஒரு தப்பு. சதவீதக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே மார்க்.

இன்னொன்று, இந்தத் தப்புகள் தப்பு மாதிரி தெரியாது. சரியாகக் காதில் விழாத இடத்தில் மெஷின் கோடு போட்டுக் காலியாக விடாது, அங்கே வழக்கமாக வரக்கூடிய வார்த்தை ஒன்றை எழுதி வைத்துவிடும். எழுத்துப் பிழை இருக்காது, வாக்கியம் ஓரளவு ஒழுங்காகவே இருக்கும். அதனால்தான் மேலோட்டமாகப் பார்க்கிறவர் கண்ணில் படுவதில்லை.

சரி, இந்த ரீலில் "வேணாம்" எப்படி "வேணும்" ஆனது? ஒரிஜினல் ஃபைலை வாங்கிக் கேட்டேன். தெளிவாக "வேணாம்" என்றுதான் இருக்கிறது. ஆனால் கட் ஆகிவந்த வீடியோவில் "வேண்" என்பதோடு சத்தம் நின்று அடுத்த வாக்கியம் ஆரம்பித்துவிடுகிறது. குற்றவாளி முதலில் ஆட்டோ கட், கேப்ஷன் அப்புறம்தான்.

ஆட்டோ கட் அர்த்தம் எதையும் பார்ப்பதில்லை. நீங்கள் வைத்த டெசிபல் அளவுக்குக் கீழே சத்தம் இறங்கி, நீங்கள் சொன்ன நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அதை மௌனம் என்று வெட்டுகிறது. நாம் பேசும்போது வாக்கியத்தின் கடைசியில் குரல் தானாக இறங்கும். தமிழில் வினையும், ஆமா இல்லை என்ற முடிவும் அந்தக் கடைசியில்தான் உட்கார்ந்திருக்கின்றன: வேணாம், கூடாது, தெரியல, வரல. குரல் தணிந்து வருகிற அந்த வாலைத்தான் கத்தி எடுத்துக்கொண்டு போகிறது. மிச்சமிருந்த "வேண்" என்பதைக் கேட்ட கேப்ஷன், தன் பங்குக்கு அதை "வேணும்" என்று முடித்து வைத்துவிட்டது.

இந்த ரீலில் மௌன அளவு மைனஸ் 30 டெசிபல். மெல்லப் பேசுகிற டாக்டருக்கு அது ரொம்பவே மேலே. யாரோ சொன்ன எண்ணை வைக்காதீர்கள். ஷூட் தொடங்குமுன் யாரும் பேசாத சில விநாடிகள் ரெக்கார்டிங்கில் இருக்கும், ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும் இடம். அதை ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள். மைனஸ் 50 காட்டினால் மௌன அளவை மைனஸ் 45 பக்கம் வையுங்கள். பேச்சு தொடங்கும் இடத்துக்கு முன்னால் 0.1 விநாடி போதும், பேச்சு முடியும் இடத்துக்குப் பின்னால் 0.3 விநாடியாவது விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. ஃபேன் சத்தமும் குரலின் வாலும் ஒரே உயரத்தில் இருக்கிற ரெக்கார்டிங்கா? அதற்கு எந்த எண்ணும் உதவாது, கையால்தான் வெட்ட வேண்டும். (காலர் மைக் ஒன்று வாங்கச் சொன்னால் யார் கேட்கிறார்கள்.)

வெட்டியபின் டைம்லைனைப் பெரிதாக்கி ஒவ்வொரு வெட்டின் இடது பக்கத்தையும் பாருங்கள். அலைவடிவம் தரைக்கு இறங்கி முடிகிறதா, இல்லை பாதி உயரத்தில் சுவர் மாதிரி நிற்கிறதா? சுவர் மாதிரி நின்றால் வால் போய்விட்டது, இழுத்து நீட்டுங்கள்.

கேப்ஷனை வெட்டாத ஆடியோவில் ஒரு தடவையும், வெட்டிய ஆடியோவில் ஒரு தடவையும் எடுங்கள். எந்த வரியில் இரண்டும் மாறுகிறதோ அங்கே வெட்டு எதையோ தின்றிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டிலும் ஒரே மாதிரி தப்பாக வந்த பெயரும் எண்ணும் இதில் மாட்டாது. அதற்கு எழுத்து ஃபைலைத் திறந்து எல்லா எண்களையும், எல்லா மருந்துப் பெயர்களையும், வேணும், வேணாம், கூடாது, இல்ல என்று வரும் எல்லா இடங்களையும் தேடித் தேடி ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்க வேண்டும். எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். "வேணும்" என்று படித்துக்கொண்டிருக்கும்போது காதும் "வேணும்" என்றே கேட்கும். கேப்ஷனை மறைத்துவிட்டு முதலில் காது, அப்புறம் கண்.

"நான் ஃபுல்லா ஒரு தடவை பாத்தேன் சார்" என்பவர்களுக்கு: ஆமாம், பார்த்தீர்கள், கேட்கவில்லை.

பாட்டின் தாள அடிகளைத் தானாகக் கண்டுபிடித்து, வெட்ட வேண்டிய இடங்களில் மார்க்கர் என்ற அடையாளம் போடும் பீட் டிடெக்‌ஷன் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே யாருக்கும் மாத்திரை மாறிப் போகாது, ஆனால் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற தம்பிகள் அதை நம்பிப் படும் பாடு தனி. அது பொதுவாகத் தேடுவது சத்தம் திடீரென எழும் இடங்களையும், அவற்றுக்கிடையே ஒரு சீரான இடைவெளியையும். ஒரே வேகத்தில் ஓடும் சினிமா குத்துப்பாட்டுக்குச் சரியாக வரும், அதிகபட்சம் வேகத்தைப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ எடுக்கும், சமாளித்துவிடலாம். கெட்டிமேளத்தில் தவில் அடிகள் எல்லாமே பலமாகவும் நெருக்கமாகவும் விழும், வேகமும் ஏறிக்கொண்டே போகும். மெஷின் அடிக்கு அடி மார்க்கர் போடும். அதை நம்பி வெட்டினால் தாலி முடிச்சு விழுகிற ஷாட் ஆறேழு ஃபிரேம் துண்டுகளாகச் சிதறும். பொண்ணோட அம்மா போன் போட்டுத் திட்டுவது நியாயம்தான். பாட்டின் முதல் பத்து விநாடியிலும் கடைசிப் பத்து விநாடியிலும் மார்க்கர்களைக் கைதட்டிச் சரிபாருங்கள். தொடக்கத்தில் பொருந்திக் கடைசியில் விலகினால் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் பாட்டை ஓடவிட்டு `M` கீயைத் தட்டுங்கள், பெரும்பாலான மென்பொருளில் மார்க்கர் அதில்தான் விழும்.

டாக்டர்களுக்கும் க்ளினிக்கில் வீடியோ பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெட்டாத ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள், எடிட்டருக்கு அதையும் சேர்த்து அனுப்புங்கள். மருந்துப் பெயர்கள், அளவுகள், பேசியவரின் பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போஸ்ட் செய்யுமுன் டாக்டரே ஒரு தடவை கேப்ஷனை மட்டும், சத்தத்தை நிறுத்திவிட்டுப் படிக்கட்டும். ஒன்றரை நிமிடம்தான் ஆகும். நேரமில்லை என்கிற டாக்டருக்குக் கேப்ஷனே இல்லாமல் போஸ்ட் பண்ணுங்கள், நான் அதற்கும் சம்மதம்.