அதிவேக எஃகு: எதைவிட வேகம்?

ஹார்டுவேர் கடையில் ட்ரில் பிட் வாங்கினால், அதன் தண்டில் எச்.எஸ்.எஸ். என்று மூன்று எழுத்து பொறித்திருக்கும். ஹை ஸ்பீட் ஸ்டீல் என்பதன் சுருக்கம். பாடநூல்களில் இதற்கு ‘அதிவேக எஃகு’ என்று தமிழ் கொடுத்திருக்கிறார்கள். ‘உயர்வேக எஃகு’ என்றும் எழுதுவதுண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயரை நம்பி மெஷினை முழு வேகத்தில் விட்டு, ஒரே மத்தியானத்தில் மூன்று பிட்டைக் கருக்கியவன் நான். மாடிக் கைப்பிடியின் அடித்தகடு, 5 மி.மீ. கனம், 304 வகை ஸ்டெயின்லெஸ். போட வேண்டியது 8 மி.மீ. துளை. பிட்டின் முனை நீலம் பாய்ந்து மழுங்கியது. தகட்டில் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு குழி மட்டும் மிச்சம்.

பெயரில் இருக்கிற ‘வேகம்’ எதைவிட வேகம் என்பதுதான் கேள்வி. அதற்கு 1900-க்குப் போக வேண்டும். அதுவரை கடைசல் பட்டறைகளில் பெரும்பாலும் கார்பன் எஃகு உளிகள்தான். அவை 200, 250 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே பதம் இழந்துவிடும். அதனால் இரும்பை மெதுவாகத்தான் கடைய முடிந்தது. அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் ஃபிரெடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் டங்ஸ்டன், குரோமியம் கலந்த எஃகை, ஏறக்குறைய உருகும் நிலை வரை சூடாக்கிப் பதப்படுத்திப் பார்த்தார்கள். சாதாரண எஃகு அந்தச் சூட்டில் பாழாகியிருக்கும். இதுவோ 600 டிகிரி வரை கூர் தாங்கியது. 1900 பாரிஸ் கண்காட்சியில், உளியின் நுனி சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவிக் காட்டினார்கள். கார்பன் உளியைவிடப் பல மடங்கு வேகமாகக் கடைய முடிந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மன்காரர்களும் ‘வேகமாக வேலை செய்யும் எஃகு’ என்றே பெயர் வைத்தார்கள். பிரெஞ்சிலும் ‘வேக எஃகு’தான்.

ஆக, அந்த வேகம் பழைய கார்பன் உளியோடு ஒப்பிட்ட வேகம். இந்த எஃகின் உண்மையான குணம் சூட்டில் கூர் விடாமை. உலோகவியலில் அதற்கு ‘ரெட் ஹார்ட்னஸ்’ என்று தனிப் பெயரே உண்டு. தமிழில் ‘செஞ்சூட்டுக் கடினம்’ எனலாம். அதையொட்டி இந்த எஃகைச் ‘செஞ்சூட்டெஃகு’ என்று சொன்னால் பொருளுக்கு நெருக்கமாக இருக்கும் என்பது என் கட்சி. தேர்வெழுதுகிறவர்கள் ‘அதிவேக எஃகு’ என்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

எஃகு என்ற சொல்லும் இங்கே பொருத்தமாகத்தான் வந்து நிற்கிறது. பழைய தமிழில் அது வேல் போன்ற கூரிய படைக்கலத்தையும் குறித்தது. ‘செறுநர் செருக்கறுக்கும் எஃகு’ என்று 759-ஆம் குறளில் வருவது அறுக்கிற ஆயுதம். உலோகத்தின் பெயரிலேயே கூர்மையும் சேர்ந்திருந்த காலம் அது.

சரி, 600 டிகிரி தாங்குகிற பிட் என் தகட்டில் ஏன் செத்தது? ஸ்டெயின்லெஸ்ஸில் இரண்டு சிக்கல். 304-ல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். இந்தக் கலவை சாதாரண இரும்போடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சூட்டைக் கடத்தும். உராயும் இடத்தில் பிறந்த சூடு தகட்டுக்குள் பரவாமல் பிட்டின் முனையிலேயே தங்கிவிடுகிறது. இரண்டாவது, அழுத்தித் தேய்க்கத் தேய்க்க இந்த உலோகம் இறுகும். பிட் வெட்டாமல் மேலே சுற்றிக்கொண்டிருந்தால், அது தேய்க்கிற இடத்தையே தனக்கு எதிராகக் கெட்டிப்படுத்துகிறது. நான் பார்த்த பளபளப்புக் குழி அதுதான். துளைக்கும் இடத்தைக் குறிக்கிற சென்டர் பஞ்சால் ஓங்கி அடித்தாலும் அந்தப் புள்ளி இறுகும். லேசாக ஒரு தட்டு போதும்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிட்டின் விளிம்பு நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதே வெட்டு வேகம். எச்.எஸ்.எஸ். பிட்டுக்குச் சாதாரண இரும்பில் 25 மீட்டர் வரை போகலாம். 304-ல், கையால் எண்ணெய் விட்டுத் துளைக்கும்போது, 10 மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. சுற்று எண்ணிக்கைக்கு வாய்ப்பாடு இது:

```
n = (1000 × v) / (3.14 × d)
n = (1000 × 10) / (3.14 × 8) ≈ 400
```

v என்பது வெட்டு வேகம், d பிட்டின் விட்டம் மி.மீ.-ல், n நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. எனக்குத் தேவைப்பட்டது 400. சாதாரணக் கை மெஷின் விசையை முழுக்க அழுத்தினால் 2,800 வரை சுற்றும். அப்போது விளிம்பு ஓடுவது 70 மீட்டர், ஏழு மடங்கு! பேட்டரி மெஷினில் இரண்டு கியர் இருந்தால் 1-ஆம் கியரில் போட்டுக்கொள்ளுங்கள். அதன் உச்சமே பெரும்பாலும் 400, 500-க்குள் இருக்கும்.

வேகத்தைக் குறைத்தவர்கள் அடுத்துச் செய்கிற தவறு, அழுத்தத்தையும் குறைப்பது. அது கூடாது. தகட்டைக் கிளாம்பில் இறுக்கிவிட்டு, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொடுத்து, பிட் ஒவ்வொரு சுற்றிலும் சீவிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பிட்டின் இரண்டு பள்ளங்களிலும் நீளமான சுருள் வெள்ளியாகவோ வைக்கோல் நிறத்திலோ வந்தால் வெட்டு சரி. தூளாக உதிர்ந்தாலோ, கீச்சென்று கத்தினாலோ உடனே நிறுத்துங்கள். மறுபக்கம் பிட் எட்டிப் பார்க்கும் நேரத்தில் மட்டும் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மாட்டிக்கொண்டு கையைத் திருகிவிடும்.

கட்டிங் ஆயில் என்பதைத் தமிழில் ‘வெட்டெண்ணெய்’ என்று தாராளமாகச் சொல்லலாம், பொருள் வழுக்காது. இதில் கந்தகச் சேர்மங்கள் இருக்கும். அழுத்தமும் சூடும் மிகுந்த முனையில் அவை மெல்லிய படலமாகி, சுருள் பிட்டோடு ஒட்டாமல் தடுக்கும். வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயோ என்ஜின் ஆயிலோ ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை. துருவை இளக்கும் ஸ்பிரே இதற்கு ஆகாது, சட்டென்று ஆவியாகிவிடும். துளைக்கும் முன் சில சொட்டு, அப்புறம் புகை கிளம்புவதற்கு முன்பே மறுபடி சில சொட்டு.

நான்காவதாக ஐந்து சதவீதம் கோபால்ட் சேர்ந்த எம்35 பிட்டை வாங்கினேன். கோபால்ட் அந்தச் செஞ்சூட்டுக் கடினத்தை இன்னும் கூட்டும். முனைக்கோணம் வழக்கமான 118 டிகிரிக்குப் பதில் 135. தட்டையாக இருப்பதால் வெட்டு விளிம்பு முழுதும் சீக்கிரம் வெட்டில் இறங்கும். பளபளத்த குழியை விட்டுவிட்டு, தகட்டைப் புரட்டி இறுகாத பக்கத்திலிருந்து மெதுவாகத் துளைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பதமேற்றிய எஃகு வேறு கதை. பேரிங் வளையம், அரம் போன்றவை பிட்டுக்கு ஏறக்குறைய சமமான கடினம் கொண்டவை. ஓர் அரத்தை ஓரத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள்: கடிக்காமல் வழுக்கினால் எந்த எச்.எஸ்.எஸ்.ஸும் அதில் இறங்காது, எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும். அதற்குக் கார்பைடு பிட் வேண்டும், அதையும் ஆடாத நிலை மெஷினில்தான் பூட்ட வேண்டும்; கை கொஞ்சம் ஆடினாலும் முறிந்துவிடும். கடினம் போனாலும் பரவாயில்லை என்ற பொருளானால், செக்கச்செவேலெனப் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, மறுநாள் காலையில் எடுத்துத் துளையுங்கள்.