வாட்ஸாப்பில் கேட்ட இடமாற்றம், எச்.ஆர். மேசைக்குப் போகும்போது

"சார், அப்பாவுக்கு டயாலிசிஸ் போகுது, வீட்ல பாத்துக்க ஆள் இல்ல. எப்படியாவது மதுரை பக்கம் மாத்திக் குடுங்க சார். இங்க வாடகையும் கட்டுப்படியாகல, மேனேஜரும் ரொம்ப டார்ச்சர் பண்றாரு. இல்லன்னா நான் வேலைய விட்டுட்டுதான் போகணும். ப்ளீஸ் சார், கொஞ்சம் சீக்கிரம்."

நகைக்கடன் நிறுவனம் ஒன்றின் தாம்பரம் கிளையில் உதவி மேலாளராக இருப்பவர் இரவு பத்து மணிக்கு எச்.ஆருக்கு இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதியது அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இதை வைத்துக்கொண்டு எச்.ஆரால் ஒன்றும் செய்ய முடியாது. இடமாற்றத்துக்கு ஒப்புதல் தருபவர் பெரும்பாலும் மண்டல மேலாளர். அவருக்கு இந்தச் செய்தியை அப்படியே தள்ளிவிட முடியாது. பணியாளர் எண் இல்லை. நிரந்தர மாற்றமா, சில மாதங்களுக்கா என்று தெரியவில்லை. எந்தத் தேதியிலிருந்து என்றும் இல்லை. போதாததற்கு, மேலாளர் மீதான புகார் ஒன்று நடுவில் நிற்கிறது. படிப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். அப்பாவின் டயாலிசிஸ் பின்னுக்குப் போய், 'கிளையில் ஏதோ தகராறு' என்று விஷயம் திரும்பிவிடும்.

ஆகவே முதல் வேலை, எழுதுவதல்ல, பிரிப்பது. இந்தச் செய்தியில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. அப்பாவின் சிகிச்சை ஒன்றே மனுவைத் தாங்கும் காரணம். வாடகை சென்னையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் உள்ள பிரச்சினை. அதைச் சேர்த்தால் வலுவான காரணமும் நீர்த்துப்போகும். மேலாளர் தொல்லை உண்மையானால் அதற்குத் தனிப் புகார் எழுத வேண்டும், தேதியோடும் சம்பவத்தோடும். இரண்டையும் ஒரே தாளில் போட்டால் புகாரும் விசாரிக்கப்படாது, மாற்றமும் கிடைக்காது. ராஜினாமா பேச்சைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். 'போகிற ஆள்தானே' என்று முடிவெடுக்க அது வழி திறந்துவிடுகிறது.

அடுத்து, காரணத்தை எவ்வளவு விரித்துச் சொல்வது? 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை' என்பது போதாது. மருத்துவமனைக் கோப்பை முழுதாக இணைப்பதும் தேவையில்லை. எச்.ஆருக்கு வேண்டியது நோயின் வரலாறு இல்லை, அந்தச் சிகிச்சைக்கு ஏன் நீங்கள் அருகில் இருந்தாக வேண்டும் என்பதுதான். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், இரவு 7 முதல் 11 வரை என்று எழுதினால் படம் தெளிவாகிவிடும். டயாலிசிஸ் முடிந்ததும் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். தனியாக வீடு திரும்ப முடியாது. அம்மாவால் அந்த நேரத்தில் அழைத்துவர இயலவில்லை என்ற ஒரு வரி அதோடு சேர்ந்தால் காரணம் முழுமையடையும். சிகிச்சை நாட்களைக் குறிப்பிட்டு மருத்துவமனை தரும் ஒரு பக்கச் சான்று போதுமானது.

இதைப் படிக்கும் அதிகாரிக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: 'மதுரைக்கு வந்தால் வாரம் மூன்று நாள் லீவு கேட்பாரோ?' கேட்காத கேள்விதான், ஆனால் மனுக்கள் தேங்குவது பெரும்பாலும் இங்கேதான். சிகிச்சை வேலை நேரத்துக்கு வெளியே நடக்கிறது என்று மனுவிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு கேள்வி தாம்பரத்தைப் பற்றியது. நகைக்கடன் கிளையில் பெட்டக அறை ஒருவர் சாவியால் மட்டும் திறப்பதில்லை. இருவர் கூட்டுப் பொறுப்பில் இருக்கும். சாவி வைத்திருப்பவர் மாறும்போது அடகுப் பொட்டலங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். இது ஒரு நாளில் முடியும் காரியமில்லை. 'உடனே' என்று கேட்பவர் இந்த நடைமுறையையே மறந்தவராகத் தெரிவார். யாரிடம் ஒப்படைக்கலாம், எத்தனை நாள் பிடிக்கும் என்று தானே முன்வந்து எழுதுகிறவரின் மனு மேலே நகரும்.

இவ்வளவையும் வைத்து எழுதினால் மனு இப்படி அமையும்:

> பெறுநர்: மனிதவள மேலாளர்
> வழி: கிளை மேலாளர், தாம்பரம்
> பொருள்: மதுரைப் பகுதிக் கிளைக்குச் சொந்த வேண்டுகோளின் பேரில் இடமாற்றம் கோருதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தாம்பரம் கிளையில் மூன்று ஆண்டுகளாக உதவி மேலாளராகப் பணிபுரிகிறேன் (பணியாளர் எண் …).
>
> மதுரையில் வசிக்கும் என் தந்தைக்கு வாரம் மூன்று முறை, இரவு 7 முதல் 11 மணி வரை டயாலிசிஸ் நடைபெறுகிறது. முடிந்தபின் அவரால் தனியாக வீடு திரும்ப இயலாது. என் தாய்க்கு வயது 64. உடன்பிறந்தோர் யாரும் மதுரையில் இல்லை. சிகிச்சை அலுவலக நேரத்துக்குப் பின் நடப்பதால் என் பணி நேரம் பாதிக்கப்படாது. மருத்துவமனைச் சான்றை இணைத்துள்ளேன்.
>
> எனவே அக்டோபர் 1 முதல் மதுரை நகரக் கிளை ஒன்றுக்கு, இதே பதவிநிலையில், நிரந்தர இடமாற்றம் வழங்க வேண்டுகிறேன். நகரத்தில் காலியிடம் இல்லையெனில் திருமங்கலம் கிளையும் எனக்கு ஏற்றதே. அதுவும் இப்போது இயலாதெனில், ஆறு மாதத் தற்காலிகப் பணியமர்த்தலைப் பரிசீலிக்கவும்.
>
> பெட்டகச் சாவிப் பொறுப்பையும் நிலுவைக் கணக்குகளையும், நிறுவனம் நியமிப்பவரிடம் செப்டம்பர் கடைசி இரண்டு வாரங்களில் சரிபார்த்து ஒப்படைக்கிறேன்.
>
> இப்படிக்கு …

தேதி ஏன் அக்டோபர் 1? ஊக்கத்தொகை காலாண்டுக் கணக்கில் வரும் நிறுவனங்களில் நடுவில் கிளை மாறினால் அந்தக் காலாண்டின் தொகை எந்தக் கிளைக் கணக்கில் சேரும் என்று இழுபறி வரும். காலாண்டு முடிந்து மாறுவது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் நல்லது. திருமங்கலத்தைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு: ஒரே கிளையைக் கேட்டால் 'காலியிடம் இல்லை' என்ற ஒரே வரியில் மனு முடிந்துவிடும். அதற்காக 'எங்கே போட்டாலும் சரி' என்றும் எழுதக்கூடாது. திண்டுக்கல் கிடைத்தால் இரவு ஏழு மணிக்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேருவது திண்டாட்டம்.

மனுவைக் கிளை மேலாளர் வழியாகவே மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் எச்.ஆருக்கு நகல் சேர்த்து அனுப்பலாம். அவரைத் தாண்டிப் போனால் மனு அவருடைய கருத்துக் கேட்டு மறுபடி அவரிடமே திரும்பி வரும். வாட்ஸாப்பில் 'மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன் சார்' என்று ஒரு வரி போட்டால் போதும்.

'சொந்த வேண்டுகோள்' என்ற சொல்லுக்கு விலை உண்டு. நிறுவனம் தானாக மாற்றினால் கிடைக்கும் வீடு மாற்றும் செலவு, பயணப்படி எல்லாம் இதில் பொதுவாகக் கிடைப்பதில்லை. நகரப்படி குறையலாம். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வாடகைப்படி விலக்கின் உச்சவரம்பும் மாறும்: சென்னையில் சம்பளத்தில் 50 சதவீதம், மதுரையில் 40. பி.எஃப். பற்றிக் கவலை வேண்டாம், யு.ஏ.என். மாறாது. ஆணை வருவதற்கு முன்பே சம்பளம், பதவிநிலை, பணிமூப்பு மூன்றும் மாறுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

'அப்ரூவல் ஆகிவிட்டது' என்று போனில் சொன்னதை நம்பித் தாம்பரம் வீட்டைக் காலி செய்பவர்கள் உண்டு. சாவியை வாங்க ஆள் வராதவரை விடுவிப்பு ஆணை வராது. வாடகை முன்பணம் போய், லாட்ஜில் தங்கி வேலைக்கு வர வேண்டியிருக்கும். இடமாற்ற ஆணையும் விடுவிப்பு ஆணையும் வேறுவேறு. இரண்டாவது கையில் வந்தபிறகே வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். விடுவித்த நாளுக்கும் மதுரையில் சேரும் நாளுக்கும் நடுவே வரும் நாட்கள் பணிநாளா, விடுப்பா என்று ஆணையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளத்தில் அவை சம்பளமில்லா விடுப்பாகப் போய் நிற்கும்.