விரலில் 99 காட்டினாலும் தலைவலியை அலட்சியம் செய்யாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு குடும்பம் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கோழி சுடுவதாக இருந்தார்கள், மழை பிடித்துக்கொண்டதால் வீவக வீட்டுச் சமையலறையிலேயே கரியடுப்பை மூட்டியிருக்கிறார்கள். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையும் சாத்திவிட்டு, ஹாலில் ஏர்கான் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் அம்மாவுக்குத் தலையைப் பிடித்து இறுக்குவது போல வலி, பையனுக்கு வாந்தி, பாட்டிக்குத் தலைசுற்றல். கோழி சரியாக வேகவில்லை போலிருக்கிறது என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் மூவருக்குமே ரத்த ஆக்சிஜன் 99 சதவீதம் என்று காட்டியது.

காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தலைவலி. அதுவும் கீழே வந்து டாக்சிக்குக் காத்திருந்தபோது கொஞ்சம் குறைந்ததாம். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் அடுப்பைப் பற்றிக் கேட்டேன்.

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைத்தான் சந்தேகப்பட்டேன். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிக் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும் (பிள்ளை பெற்றவளுக்கு மூடிய அறையில் சாம்பிராணி போடுகிறோமே, அந்தக் கரியும் இதே கரிதான்). ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

சரி, கருவி ஏன் ஏமாற்றுகிறது? சாதாரண ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டை மட்டும் விரல் வழியாகச் செலுத்தி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடும். மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை ஏறத்தாழ ஆக்சிஜன் ஏறியதைப் போலவே உறிஞ்சுவதால், கருவி இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடும். உண்மை தெரிய கோ-ஆக்சிமெட்ரி என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும், சிரை ரத்தமே போதும். அம்மாவுக்கு அதில் 24 சதவீதம் வந்தது, அதாவது ஹீமோகுளோபினில் கிட்டத்தட்ட கால் பங்கை மோனாக்சைடு பிடித்திருந்தது. புகைபிடிக்காதவருக்கு 3 சதவீதத்தைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும்.

வீட்டில் இப்படி நடந்தால் முதலில் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் 995. அடுப்பை அணைக்கவோ பொருள் எடுக்கவோ திரும்ப உள்ளே போகாதீர்கள். அழைக்கும்போதே, வீட்டுக்குள் கரி எரிந்தது என்று சொல்லிவிடுங்கள், அந்த ஒரு வரி எங்களுக்குப் பாதி நோயறிதல்.

மருத்துவமனையில் மருந்தே ஆக்சிஜன்தான், 99 காட்டினாலும் பை வைத்த முகமூடி வழியாக அதிக அளவில் கொடுப்போம். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம், முழு ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். நினைவு தப்பியவர், கர்ப்பிணி, நெஞ்சுவலி உள்ளவர் என்றால் அதிக அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சை தேவையா என்று அந்த நிபுணர்களிடம் கேட்போம். கர்ப்பிணி தெம்பாக இருந்தாலும் விடமாட்டோம், வயிற்றுப் பிள்ளையின் ரத்தம் இதை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

ஆறு மணி நேரத்தில் மூவருக்கும் தலைவலி விட்டது. ஆனால் சில நாட்களோ சில வாரங்களோ கழித்துக்கூட மறதி, நடை தடுமாற்றம், குணமாற்றம் வரலாம் என்று சொல்லி, பாட்டியை மட்டும் மறுபடி வந்து காட்டச் சொன்னேன்.