உதவி டி செல் – சொல் விளக்கம்

'டி' என்பது தைமஸ் என்ற உறுப்பின் ஆங்கில முதலெழுத்து. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் இந்தச் சுரப்பி எதற்கு என்று நெடுநாள் யாருக்கும் விளங்கவில்லை. 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த கையோடு எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை நோய்த்தொற்றுகளுக்கு எளிதில் இரையாயின; அயல் தோலை ஒட்டினால் அதை நிராகரிக்கவும் அவற்றால் முடியவில்லை. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் தைமஸுக்குப் போய் அங்கேதான் முதிர்கின்றன என்பது இப்படித் தெரியவந்தது. அவையே டி செல்கள்.

'உதவி' சில ஆண்டுகள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. 1966-இல் ஹென்றி கிளாமனின் குழு, கதிர்வீச்சால் நோயெதிர்ப்புச் செல்கள் அழிக்கப்பட்ட எலிகளை எடுத்துக்கொண்டது. சிலவற்றுக்கு மஜ்ஜைச் செல்களை மட்டும் செலுத்தினார்கள், சிலவற்றுக்குத் தைமஸ் செல்களை மட்டும். இரண்டிலும் எதிர்ப்பொருள் உற்பத்தி சொற்பமே. இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தபோது இரண்டின் கூட்டுத்தொகையையும் தாண்டிப் பெருகியது. எதிர்ப்பொருளைச் சுரப்பவை மஜ்ஜைவழிச் செல்கள்தாம், தைமஸ்வழிச் செல்கள் அதற்குத் துணைநிற்கின்றன என்று 1968-இல் மில்லரும் கிரஹாம் மிட்செலும் காட்டினார்கள். ஆக, 'உதவி' என்ற சொல் பிறந்தபோது அதன் பொருள் குறுகலானது: பி செல் எனப்படும் அந்த மஜ்ஜைவழிச் செல் எதிர்ப்பொருள் செய்ய உதவுவது. இன்று அதே குடும்பத்தில் வைத்து எண்ணப்படும் செல்களில் ஒரு பகுதிதான் அந்த வேலையைச் செய்கிறது. வேறு சில அழற்சியை மூட்டுகின்றன. இன்னொரு வகையோ எல்லாரையும் அடங்கியிருக்கச் செய்கிறது.

இந்தப் பிளவு முதலில் தெளிவானது 1986-இல். கலிஃபோர்னியாவின் டிஎன்ஏஎக்ஸ் ஆய்வகத்தில் டிம் மாஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் எலியின் உதவி டி செல் வரிசைகளைத் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொன்றும் எதைச் சுரக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு கூட்டம் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்தது; இன்னொன்று பின்னாளில் இன்டர்லூக்கின்-4, சுருக்கமாக ஐஎல்-4 என்று பெயர்பெற்ற பொருளைச் சுரந்தது. முன்னதற்கு டிஎச்1, பின்னதற்கு டிஎச்2 என்று பெயர். தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை, சுரப்பில்தான் வேறுபாடு.

அவை சுரக்கும் பொருள்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன். 1974-இல் நோயியல் அறிஞர் ஸ்டான்லி கோஹன் ஆக்கிய சொல். அதற்கு முன் 'லிம்ஃபோகைன்' என்றே சொல்லிவந்தார்கள். டி, பி செல்கள் அடங்கிய லிம்ஃபோசைட் இனம் அல்லாத செல்களும் இப்படிப்பட்டவற்றைச் சுரப்பது தெரிந்ததும் அகலமான சொல் தேவைப்பட்டது. கிரேக்கத்தில் 'கைட்டோஸ்' உட்குழிவான பாத்திரம், 'கினெயின்' இயக்குவது. இலங்கைப் பாடநூல்கள் செல்லைக் 'கலம்' என்கின்றன. பாத்திரம் என்ற அதே பொருள் அங்கே தானாக வந்து அமர்ந்திருக்கிறது, தமிழ்நாட்டு 'உயிரணு'வில் அது இல்லை.

சரி, ஒரு செல் எந்த வகையாக ஆவது என்பது எப்படி முடிவாகிறது? சிடி4 என்ற புரதத்தை மேற்பரப்பில் ஏந்தி, உதவிச் செல்லாகப் போகும் டி செல் தைமஸிலிருந்து வெளிவரும்போது எந்த வகையையும் சேர்ந்ததல்ல; அதைக் கன்னிச் செல் என்பார்கள். நிணநீர்க் கணுவில் ஒரு டென்ட்ரைட்டிக் செல், தான் விழுங்கியதன் துண்டை அதற்குக் காட்டுகிறது. துண்டு டி செல்லின் ஏற்பிக்குப் பொருந்தினால் முதல் சமிக்ஞை. டென்ட்ரைட்டிக் செல்லின் மேற்பரப்பிலுள்ள துணை மூலக்கூறு, டி செல்லின் சிடி28 என்ற புரதத்தைத் தொட்டால் இரண்டாவது. இவ்விரண்டும் 'பெருகு' என்று மட்டுமே சொல்கின்றன. பெருகி என்னவாக வேண்டும் என்பதைச் சொல்வது மூன்றாவது சமிக்ஞை, அந்நேரத்தில் சூழ்ந்திருக்கும் சைட்டோகைன்கள். ஐஎல்-12 இருந்தால் டிஎச்1, ஐஎல்-4 இருந்தால் டிஎச்2. ஐஎல்-6, ஐஎல்-21 போன்றவை பிசிஎல்6 என்ற புரதத்தை மேலோங்கச் செய்தால், செல் நிணநீர்க் கணுவின் பி செல் பகுதிக்கு நகர்ந்து ஃபாலிக்குலர் உதவிச் செல் ஆகிறது. கிளாமன் கண்ட பழைய 'உதவி'க்கு இன்றைய வாரிசு முக்கியமாக இதுதான்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தால் ஒரு சைட்டோகைனுக்கு ஒரு வகை என்று தோன்றிவிடும். அது தவறு என்பதை டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைனின் கதை காட்டுகிறது. 2003-இல், டிஜிஎஃப்-பீட்டா கொடுத்தால் கன்னி டி செல்கள் ஃபாக்ஸ்பி3 என்ற புரதத்தை உண்டாக்கி ஒழுங்குபடுத்தும் டி செல்களாக மாறுவது கண்டறியப்பட்டது. அழற்சியைத் தணிக்கும் செல்கள் இவை. 2006-இல், அதே டிஜிஎஃப்-பீட்டாவோடு ஐஎல்-6-ஐயும் சேர்த்தால் டிஎச்17 செல்கள் வருகின்றன என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்குழுக்கள் அறிவித்தன. ஐஎல்-17-ஐச் சுரந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கும், கடும் அழற்சியை உண்டாக்கும் செல்கள் அவை. நேரெதிரான இரு வகைக்கும் ஒரே தொடக்கம்!

செல்லுக்குள் நடப்பது இது. டிஜிஎஃப்-பீட்டா வந்ததும் ஃபாக்ஸ்பி3, ஆர்ஓஆர்-காமா-டி இரண்டும் சேர்ந்தே தலைகாட்டுகின்றன. முன்னது ஒழுங்குபடுத்தும் செல்லின் தலைமைப் புரதம், பின்னது டிஎச்17-இன் தலைமைப் புரதம். ஃபாக்ஸ்பி3 போய் ஆர்ஓஆர்-காமா-டியைப் பற்றிக்கொண்டு அதை வேலைசெய்ய விடாமல் தடுக்கிறது. வேறு செய்தி வராவிட்டால் ஃபாக்ஸ்பி3 வெல்லும். ஐஎல்-6 வந்தால் அதன் ஏற்பி ஸ்டாட்3 என்ற புரதத்தை முடுக்கிவிடுகிறது. ஸ்டாட்3 உட்கருவுக்குள் போய் ஃபாக்ஸ்பி3-ஐ இறக்கி ஆர்ஓஆர்-காமா-டியை ஏற்றுகிறது. கூடவே ஐஎல்-21-ஐச் சுரக்கச் செய்கிறது. அதுவும் ஸ்டாட்3 வழியாகவே வேலைசெய்வதால் எடுத்த திசை மேலும் உறுதிப்படுகிறது. எதிர்ப்பக்கத்தில் ஐஎல்-2 ஸ்டாட்5-ஐ முடுக்குகிறது. ஐஎல்-17 மரபணுவில் ஸ்டாட்3 உட்காரும் இடங்களில் ஸ்டாட்5 போட்டிபோட்டு அமர்ந்து அதை வெளியேற்றப் பார்க்கிறது. ஆகவே செல் 'தேர்ந்தெடுக்கிறது' என்பது பேச்சுவழக்குதான். இரண்டு புரதங்களின் அளவுப் போட்டியில் எது மிஞ்சுகிறதோ அதுவே முடிவு.

உடலின் நோக்கில் பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. குடலில் டிஜிஎஃப்-பீட்டா எப்போதும் இருக்கும். அங்குள்ள டென்ட்ரைட்டிக் செல்கள் வைட்டமின் ஏ-இலிருந்து ரெட்டினாயிக் அமிலமும் செய்கின்றன, அது ஃபாக்ஸ்பி3 பக்கம் சாய்க்கும். நாம் தின்னும் சோற்றுக்கும் பருப்புக்கும் எதிராகக் குடல் கொதிக்காமல் இருப்பதில் இதற்குப் பங்குண்டு. நுண்ணுயிர் ஊடுருவினால்தான் ஐஎல்-6 ஏறுகிறது, அப்போது அதே இடத்தில் அதே டிஜிஎஃப்-பீட்டா போர்க்குரலாகிவிடுகிறது.

ஆய்வகத்தில் இதை நேரே பார்க்கலாம். எலியின் மண்ணீரலிலிருந்து கன்னிச் சிடி4 செல்களைப் பிரித்து இரண்டு குழிகளில் இடுகிறார்கள். இரண்டிலும் முதலிரு சமிக்ஞைகளுக்குப் பதிலாக, சிடி3, சிடி28-ஐத் தூண்டும் எதிர்ப்பொருள்கள். ஒன்றில் டிஜிஎஃப்-பீட்டாவும் ஐஎல்-2-உம். மற்றதில் டிஜிஎஃப்-பீட்டாவும் ஐஎல்-6-உம், கூடவே இன்டர்ஃபெரான்-காமாவையும் ஐஎல்-4-ஐயும் முடக்கும் எதிர்ப்பொருள்கள். இவற்றை முடக்காவிட்டால் செல்கள் தாமே சுரக்கும் சிறிதளவே டிஎச்17-ஐக் கெடுத்துவிடும். டிஜிஎஃப்-பீட்டாவின் அளவு மில்லி லிட்டருக்குச் சில நானோகிராம்தான். இரண்டாவது குழியில் அதைக் கூட்டிக்கொண்டே போனால் ஐஎல்-6 இருந்தும் ஃபாக்ஸ்பி3 பக்கம் சாயத் தொடங்கும். மூன்று நான்கு நாள் கழித்துச் செல்களுக்குள் ஃபாக்ஸ்பி3-ஐயும் ஐஎல்-17-ஐயும் ஒளிரும் சாயமேற்றி, செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால், முதல் குழியில் ஒன்றும் இரண்டாவதில் மற்றதும் மிகுந்திருப்பது தெரியும். எல்லாச் செல்களும் ஒரே பக்கம் போவதில்லை. இரண்டையும் ஏந்திய செல்களும் கொஞ்சம் இருக்கும்.

மனிதச் செல்களில் இதே சோதனை முதலில் குழப்பியது. டிஎச்17 உருவாக டிஜிஎஃப்-பீட்டா தேவையே இல்லை என்று சில குழுக்கள் எழுதின. வளர்ப்பூடகத்தில் சேர்க்கும் சீரத்திலேயே டிஜிஎஃப்-பீட்டா இருந்ததுதான் சிக்கல். 2008-இல் சீரமில்லா ஊடகத்தில் செய்தபோது மனிதனிலும் அது தேவை என்று தெரிந்தது. இன்னொரு பொறி: மனித டி செல் எதுவானாலும் தூண்டப்பட்டால் சிறிது காலம் ஃபாக்ஸ்பி3-ஐக் காட்டும். அதனால் அது ஒழுங்குபடுத்தும் செல் ஆகிவிடாது. ஃபாக்ஸ்பி3 மரபணுவின் குறிப்பிட்ட ஒரு பகுதியில் மீத்தைல் குறிகள் நீங்கியிருக்கின்றனவா என்று பார்த்தால்தான் அது நிலையானதா என்று சொல்ல முடியும்.

இந்தப் போட்டியில் ஒரு பக்கம் இல்லாமலே போனால் என்னாகும் என்பதைப் பிறவிக் குறைபாடுகள் காட்டுகின்றன. ஸ்டாட்3 பழுதான ஜாப் நோய்க்குறியில் டிஎச்17 செல்கள் ஏறக்குறைய இல்லை. தோலிலும் நுரையீரலிலும் ஸ்டஃபைலோகாக்கஸ், வாயில் கேண்டிடா பூஞ்சை என்று தொற்று திரும்பத் திரும்ப வரும். ஃபாக்ஸ்பி3 பழுதான ஐபெக்ஸ் நோய்க்குறியில் ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே ஓயாத வயிற்றுப்போக்கு, நீரிழிவு, தோல் அழற்சி எல்லாம் வரும். ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஒழுங்குபடுத்தும் செல்களை 1995-இல் அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சி மூவரும் 2025-இல் நோபல் பெற்றனர்.

ஒரு பக்கத்தை மருந்தால் அடக்குவதும் எப்போதும் கணக்குப்படி நடப்பதில்லை. ஐஎல்-17-ஐத் தடுக்கும் செகுகினுமாப் சொரியாசிஸில் நன்றாக வேலைசெய்கிறது. அதையே குரோன் குடலழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பயனில்லை, சிலருக்கு நோய் கூடியது. குடலின் உட்சுவரைக் கட்டிக்காப்பதிலும் ஐஎல்-17-க்கு வேலை இருப்பதே இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இனித் தமிழ்ப் பெயர்கள். 'உதவி டி செல்', 'துணை டி செல்' இரண்டும் காணக் கிடைக்கின்றன. உதவிப் பேராசிரியர், துணைத் தலைவர் என்று இரண்டுமே நமக்கு ஒரு படி கீழே என்று ஒலிக்கும், இந்தச் செல்களோ பிற செல்களை நடத்துபவை. எனக்குக் கேட்டால் 'ஏவல் டி செல்' பொருத்தம். கட்டளையிடுவதும் ஏவல், கட்டளைப்படி நடப்பதும் ஏவல். சைட்டோகைனைக் கேட்டு, சைட்டோகைனால் பேசும் செல்லுக்கு இரு பொருளும் தகும். ஆனாலும் ஊன்றிவிட்ட 'உதவி'யைப் பிடுங்க வேண்டியதில்லை. சைட்டோகைனுக்குக் 'கல இயக்கி' என்று நேரடியாகச் சொல்லலாம்.

ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். ஃபாக்ஸ்பி3 செல்களை 'அடக்கும் டி செல்' என்று எழுதக் கூடாது. 1970-களில் 'சப்ரசர்' என்ற பெயரில் வேறொரு செல்வகை பெரிதாகப் பேசப்பட்டது. அதன் அடையாளமாகச் சொன்ன ஐ-ஜே மரபணு, 1980-களில் டிஎன்ஏவைப் படித்தபோது சொன்ன இடத்தில் இல்லவே இல்லை. அந்தத் துறையே சில ஆண்டுகள் பெயர் கெட்டுக் கிடந்தது. பின்னால் வந்தவர்கள் அச்சொல்லைத் தவிர்த்தே 'ரெகுலேட்டரி' என்று வைத்தார்கள். தமிழில் 'ஒழுங்குபடுத்தும் டி செல்' என்பதே அதற்கு ஈடு.