"வெறும் வயிற்றில் வரவும்" என்று மட்டும் அறிவிக்காதீர்கள்

தாராவியில் நம் தமிழ் மக்கள் வாழும் குடியிருப்புகளில் இலவச மருத்துவ முகாம் நடக்கும்போதெல்லாம், முந்தின நாள் மாலை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பார்கள். இடம், நேரம், சர்க்கரைப் பரிசோதனை இலவசம், "வெறும் வயிற்றில் வரவும்", அவ்வளவுதான். தினமும் போடும் மாத்திரையை என்ன செய்வது என்று அந்த அறிவிப்பில் ஒரு சொல்கூட இருப்பதில்லை. முகாம்களில் இதன் விளைவை ஒவ்வொரு முறையும் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

சமீபத்திய முகாம் ஒன்றில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு அம்மா வரிசையில் நின்றபடியே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பெயரைக் கேட்டால் தடுமாறிப் பதில் சொன்னார். முந்தின இரவு சாப்பிட்டதோடு சரி; காலையில் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வந்திருந்தார். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோது 82 ஆகியிருந்தது. இந்த வகை மாத்திரையின் வேலை பல மணி நேரம் நீடிக்கும் என்பதால், உடனே உணவு கொடுத்து, மதியம் வரை அவரை அனுப்பாமல் வைத்திருந்தோம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்க முடியாது. ஆம்புலன்ஸை அழைத்திருக்க வேண்டும்.

அவர் சொன்னபடி கேட்டவர்தான். வெறும் வயிறு என்றால் சாப்பாடு கூடாது என்று புரிந்துகொண்டார். மாத்திரையை விடக் கூடாது என்று மருத்துவர் சொன்னதையும் மதித்தார். இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து.

இதற்கு நேரெதிரான தவறு ரத்த அழுத்த மாத்திரையில் நடக்கிறது. "மாத்திரை போட்டுவிட்டு வந்தால் உண்மையான அளவு தெரியாதே, டாக்டர்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. மாத்திரை போட்டும் அது கட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியது. மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து 170/100 என்று காட்டினால், மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டி எழுதிவிட வாய்ப்புண்டு. மறுநாள் பழைய மாத்திரையும் கூட்டிய மாத்திரையும் சேர்ந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாய்த் தண்ணீரோடு ரத்த அழுத்த மாத்திரையை விழுங்குவதால் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு கெட்டுப்போகாது. தண்ணீரே குடிக்கக் கூடாது என்று நினைத்து நாக்கு வறண்டு வருபவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தேநீர்தான் கூடாது.

ஒலிபெருக்கிக்கு நான் எழுதித் தருவது இதுதான். அப்படியே வாசிக்கலாம்:

"நாளை காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கப்படும். இன்று இரவு பத்து மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அதன்பின் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் காலையில் தண்ணீருடன் போட்டுக்கொண்டு வாருங்கள். காலைச் சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் வீட்டில் போடாதீர்கள்; கையோடு கொண்டு வந்து, ரத்தம் கொடுத்த பிறகு உணவோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்க வேண்டாம். பழைய மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள்."

இதை மாலை ஆறு மணிக்குள் ஒரு முறை அறிவிக்க வேண்டும், இரவுச் சாப்பாட்டுக்கு முன் காதில் விழுவதற்காக. காலை ஆறு மணிக்கு மாத்திரை பற்றிய வரிகளை மட்டும் மீண்டும் வாசியுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கும் நேரம் அது. நம் தெருக்களில் இந்தியிலும் மராத்தியிலும் சொன்னால்தான் பக்கத்து வீட்டாருக்கும் போய்ச் சேரும்.

முகாம் பதினோரு மணிக்குத்தான் தொடங்கும் என்றால் வெறும் வயிறு என்றே அறிவிக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். எந்த நேரத்திலும் எடுக்கும் சர்க்கரை அளவைக் கொண்டே யாரை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்துவிடுவோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கும் பட்டினி தேவையில்லை.

அமைப்பாளர்களிடம் இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். பதிவு மேசையிலேயே "சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறீர்களா, இன்று போட்டீர்களா, சாப்பிட்டீர்களா" என்று மூன்றையும் கேளுங்கள். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தவரை வரிசையில் நிறுத்தாமல் உடனே எங்களிடம் அழைத்து வாருங்கள். மேசையில் ஒரு டப்பா சர்க்கரையும், ரத்தம் கொடுத்தவர்களுக்கு இட்லியும் இருக்கட்டும்.