கர்ப்பிணித் தோட்டத் தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகளும் ஒரு தோட்ட மருத்துவரின் பதில்களும்

ஆனைமலைப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். கர்ப்பப் பதிவுக்கு வரும் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றில் முக்கியமானவற்றை, அவர்கள் கேட்கும் வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

கொழுந்து எடுக்கும் வேலையில் கர்ப்பிணிக்கு அப்படி என்ன ஆபத்து? எங்கள் அம்மாவும் பாட்டியும் பிரசவத்துக்கு முந்திய நாள் வரை எடுத்தார்களே?

எடுத்தார்கள் என்பது உண்மைதான். அவர்களில் எத்தனை பேருக்குக் கரு கலைந்தது என்பதைப் பாட்டியிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தால் வேறு கதை வரும். கொழுந்து எடுப்பதைவிட, அதைச் சுற்றியிருக்கும் இரண்டு விஷயங்களே எனக்குக் கவலை தருகின்றன. ஒன்று மருந்து, மற்றொன்று சுமை.

மருந்தைப் பற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். மார்ச் மாதக் கடைசி வாரத்தில், 11 வாரக் கர்ப்பிணி ஒருவர் வாந்தி என்று வந்தார். மசக்கை என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேன். ஆனால் அவருக்கு வாந்தி காலையில் வராமல் மாலையில், அதுவும் வாரத்தில் சில நாட்களில் மட்டும் வந்தது. கூடவே வியர்வை, கண்ணில் நீர், வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி. டார்ச் விளக்கில் பார்த்தபோது கண்பாவை சுருங்கியிருந்தது. மசக்கையில் கண்பாவை சுருங்காது; சில வகைப் பூச்சிமருந்துகள் நரம்பைத் தாக்கும்போது அப்படி ஆகும். அவர் மருந்து தெளிப்பவர் அல்லர். தெளிப்பவர் அவருடைய கணவர். வாந்தி வந்த நாட்களை நாட்காட்டியில் குறித்துப் பார்த்ததில், அவை கணவர் மருந்தடித்துவிட்டு வந்த நாட்களாகவே இருந்தன. கணவரின் அந்தச் சட்டையையும் லுங்கியையும் இந்தப் பெண்தான் வெறும் கையால், வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்துக்கொண்டிருந்தார்.

பூச்சிமருந்து மூக்கு வழியாக மட்டும் உடலில் ஏறுவதில்லை. ஈரத் துணியிலிருந்தும் ஈர இலையிலிருந்தும் தோல் வழியாக ஏறும். குழந்தையின் உறுப்புகள் உருவாவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் என்பதால், கர்ப்பம் வெளியே தெரியாத அந்த நாட்களில்தான் இந்த எச்சரிக்கை அதிகம் தேவை. எனவே மருந்து கலக்குதல், தெளித்தல், காலி டப்பாக்களைக் கழுவுதல் ஆகிய வேலைகளைக் கர்ப்பிணி அறவே செய்யக் கூடாது. மருந்தடித்த தேயிலைக் காட்டில், மருந்து டப்பாவின் சீட்டில் குறித்த இடைவெளி முடியும் வரை கொழுந்து எடுக்கவும் கூடாது. வீட்டில் மருந்து தெளிப்பவர் இருந்தால், அவருடைய வேலை உடையை அவரே, தனி வாளியில் துவைத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன குடும்பத்தில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு மாலை வாந்தி நின்றது. மசக்கை மட்டும் அதன்பாட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எவ்வளவு எடை வரை தூக்கலாம்?

அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் தந்துள்ள வழிகாட்டலை நான் அளவுகோலாகக் கொள்கிறேன். கர்ப்பத்தின் முதற்பாதியில், எப்போதாவது ஒருமுறை, உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்குவதற்கு ஏறத்தாழ 16 கிலோ. பிற்பாதியில் ஏறத்தாழ 12 கிலோ. இது சமதளத்தில் தூக்குவதற்கான கணக்கு. நம் பெண்கள் 25 கிலோ கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மழையில் வழுக்கும் சரிவில் நிறுவை இடத்துக்கு இறங்குகிறார்கள். வயிறு முன்னால் வரவர உடலின் எடைமையம் மாறும். பழகிய பாதையிலும் கால் தடுமாறும். கொழுந்தை எடுக்கட்டும், மூட்டையை வேறொருவர் சுமக்கட்டும் என்பதுதான் நான் முதலில் எழுதிக் கொடுக்கும் பரிந்துரை. இதற்கு நிர்வாகத்துக்குச் செலவு எதுவுமில்லை, சூப்பர்வைசர் மனம் வைத்தால் போதும்.

20 வாரத்துக்குப் பிறகு விழுந்து வயிற்றில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே வர வேண்டும். இரத்த வகை நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டியிருக்கலாம்.

காட்டில் கழிப்பறை இல்லை என்பதால் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அடக்கி வைப்பதும் குடிக்காமல் இருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவிடும். கவனிக்காத தொற்று குறைமாதப் பிரசவத்தில் போய் முடியலாம். கர்ப்பிணிக்குக் கழிப்பறை அருகிலுள்ள காட்டில் வேலை ஒதுக்கும்படி கேளுங்கள்.

இலகு வேலை கேட்க எனக்கு உரிமை உண்டா?

உண்டு, ஆனால் அதற்கு இரண்டு எல்லைகள் இருக்கின்றன, அவை பலருக்குத் தெரிவதில்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகுத்து, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின்கீழ் தொடரும் விதி இது: கடினமான வேலையையோ, நெடுநேரம் நிற்க வேண்டிய வேலையையோ, கருவுக்கோ தாயின் உடல்நலத்துக்கோ கேடு தரக்கூடிய வேலையையோ கர்ப்பிணியிடம் வாங்கக் கூடாது. முதல் எல்லை, இதை அவரே கேட்க வேண்டும். கேட்காதவருக்கு நிர்வாகம் தானாகத் தர வேண்டியதில்லை. இரண்டாவது எல்லை காலம். எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்திய ஆறு வாரமும், அதற்கு முந்திய ஒரு மாதமும் மட்டுமே இதில் அடங்கும். அந்த ஆறு வாரத்திலும் விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வரும் நாட்களுக்குத்தான் இது பொருந்தும்.

மேலே சொன்ன பெண்ணுக்குப் பிரசவத் தேதி அக்டோபர் 15. ஆறு வாரம் பின்னால் போனால் செப்டம்பர் 3, அதற்கு ஒரு மாதம் முன்னால் ஆகஸ்ட் 3. சட்டம் அவருக்கு இலகு வேலை தருவது ஆகஸ்ட் 3 முதல்தான், அதாவது ஏறத்தாழ 30ஆம் வாரத்தில். அவர் என்னிடம் வந்ததோ 11ஆம் வாரத்தில். இடையிலுள்ள நான்கு மாதத்துக்குக் கையில் இருப்பது மருத்துவரின் கடிதம் மட்டும். ஆகவேதான் அந்தக் கடிதம் எப்படி எழுதப்படுகிறது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "ஓய்வு தேவை" என்று எழுதினால் சூப்பர்வைசர் வேலைக்கே வர வேண்டாம் என்று அனுப்பிவிடுவார், கூலி போய்விடும். நான் எழுதியது இதுதான்: "இவர் 11 வாரக் கர்ப்பிணி. வேலைக்கு வரத் தகுதியுடையவர். பூச்சிமருந்து கலந்த அல்லது தெளித்த இடங்களில் இவரைப் பணியமர்த்த வேண்டாம். 12 கிலோவுக்கு மேல் சுமக்கவிட வேண்டாம். மற்ற வேலைகளைச் செய்யலாம்." செய்யக் கூடாததையும் செய்யக் கூடியதையும் பிரித்துச் சொன்னால் மறுப்பது கடினம். கடிதத்தின் ஒரு படியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நாற்றங்காலுக்கு மாற்றினால் இலகு வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மண் பை நிரப்ப நாள் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும், பூஞ்சைமருந்தும் அங்கே அடிப்பார்கள். தொழிற்சாலையில் இலை பிரிப்பதற்கு அனுப்பினால் எட்டு மணி நேரம் நிற்க நேரலாம். வேலையின் பெயரைப் பார்க்காமல், உடல் அங்கே என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இலகு வேலைக்குக் குறைந்த கூலி என்கிறார்களே?

சட்டப்படி கேட்டுப் பெற்ற இலகு வேலையைக் காரணம் காட்டி வழக்கமான தினக்கூலியில் பிடித்தம் செய்யக் கூடாது. இதில் விட்டுக்கொடுத்தால் இரண்டு முறை இழப்பீர்கள். மகப்பேறு விடுப்புக்கு முந்திய மூன்று மாதங்களில் வேலை செய்த நாட்களின் சராசரிக் கூலிதான் விடுப்புக் காலத்துக்கும் தரப்படுகிறது. கணக்குக்காக, தினக்கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 வாரம் என்பது 182 நாள். 81,900 ரூபாய் வர வேண்டும். அந்த மூன்று மாதமும் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் 54,600தான் வரும். மூன்று மாதக் கூலிக் குறைவோடு இந்த 27,300 ரூபாயும் சேர்ந்து போகும்.

182 நாள் என்று ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துக் கணக்கிட்டது தவறல்ல. கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில், ஞாயிறும் கணக்கில் சேரும் என்று 1977இல் தீர்ப்பானது. அந்த வழக்கைத் தொடங்கியவர் நம்முடைய மலையைச் சேர்ந்த ஒரு தோட்டத் தொழிலாளி என்பதை, ஆறு நாள் கணக்குப் போடும் எழுத்தர்களிடம் நினைவூட்ட எனக்குப் பிடிக்கும்.

நான் தற்காலிகத் தொழிலாளி. எனக்கும் கிடைக்குமா?

பிரசவத் தேதிக்கு முந்திய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் கிடைக்கும். மஸ்டர் எனும் தினக்கூலி வருகைப் பதிவேட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து வேலை செய்யும் பெண்களுக்கும் இதேதான். பெயர் மஸ்டரில் ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் பார்த்து, நாட்களைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு எப்போதும் அந்த 80இல்தான் வரும்.

எத்தனை வாரம், பணம் எப்போது?

26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம், அதில் முன்னால் 6 வாரம். பிரசவத்துக்கு முந்திய காலத்துக்கான பணத்தைக் கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். மீதியைப் பிறப்புக்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கரு கலைந்தால் ஆறு வாரம் உண்டு. கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ நோய் வந்தால், சான்றுடன் மேலும் ஒரு மாதம் வரை கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் அரசு தரும் 18,000 ரூபாய் உதவி வேறு, இது வேறு. அரசு கொடுத்துவிட்டதே என்று சொல்லித் தோட்டம் கழித்துக்கொள்ள முடியாது.

கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டால்?

மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். கர்ப்ப காலத்தில் நீக்கினாலும், நீக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மகப்பேறுப் பணம் அதனால் போய்விடாது. நீக்கல் உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முறையீடு செய்ய வேண்டும். தொழிலாளர் துறையின் தோட்ட ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் "நாளையிலிருந்து வராதே" என்று மட்டும் சொன்னால், மறுநாளும் மஸ்டருக்குப் போய் நின்று, திருப்பி அனுப்பிய நேரத்தையும் உடனிருந்தவர்களின் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு, அன்றே ஆய்வாளருக்குக் கடிதம் அனுப்புங்கள். தானாக வேலையை விட்டுப் போனார் என்று பின்னால் பதிவேட்டில் எழுதுவதைத் தடுக்க வேறு வழியை நான் இதுவரை கண்டதில்லை.